இரண்டாம் சரணத்தில் பூனை மட்டும்தான் புதிது

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய பாட்டை ஏழெட்டு முறை வாசித்தேன். அப்புறம் மெட்டோடு சேர்த்துப் பாடியும் பார்த்தேன். பல்லவி பிடித்திருந்தது. "எப்ப வருவே ராசா, வாசல் இன்னும் தொறந்து கிடக்கு" என்று ஓர் அம்மா மகனைக் கூப்பிடுகிறாள். முதல் சரணத்தின் முதல் இரண்டு வரிகளைக் கேட்டதும் அவள் முகமே தெரிந்துவிட்டது:

சோறு வடிச்சேன் சூடு போகுது
ரோடு வெறிச்சேன் ராவும் ஆகுது

சரி, இடையிசை முடிந்து இரண்டாம் சரணம் இப்படித் தொடங்குகிறது:

மீனு பொரிச்சேன் பூனை தேடுது
ஆளு வரல்லே ஊரும் ஓயுது

சந்தம் கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது. ஆனால் எனக்குப் புதிதாகத் தெரியவந்தது ஒன்றே ஒன்றுதான், அந்த வீட்டில் பூனை இருக்கிறது. அவள் சமைத்தாள், காத்திருந்தாள், இருட்டிவிட்டது, அவன் வரவில்லை என்பதெல்லாம் முதல் சரணத்திலேயே தெரிந்த விஷயம்.

இது எப்படி நடந்திருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது, நானும் இப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். இரண்டு சரணத்துக்கும் மெட்டு ஒன்றுதான். "தான தனந்தா தான தானன" என்ற தத்தகாரம் கையில் இருக்கிறது. ஆனால் இரண்டாவதை எழுத உட்காரும்போது நாம் தத்தகாரத்தைப் பார்ப்பதில்லை, ஏற்கனவே எழுதி முடித்த முதல் சரணத்தைத்தான் பார்க்கிறோம். 'சோறு' இருந்த இடத்தில் 'மீனு', 'வடிச்சேன்' இருந்த இடத்தில் 'பொரிச்சேன்' வந்து உட்கார்ந்துகொள்கிறது. அச்சு பழையது என்பதால் வெளியே வருவதும் பழைய பண்டமாகவே இருக்கிறது. ஒருமுறை நான் எழுதிய இரண்டாம் சரணத்தை ஓர் இயக்குநர் முழுதாக வெட்டிவிட்டார். அந்தப் படக்குழுவில் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. வருத்தமாகத்தான் இருந்தது, ஆனால் அவர் வெட்டியதில் தப்பில்லை.

அதனால் முதல் சரணம் எழுதிய தாளைக் கவிழ்த்து வைத்துவிடு. தத்தகாரத்தை மட்டும் தனியே எழுதிக்கொள். பாட்டு வரிக்குப் போகும் முன், ஒவ்வொரு சரணமும் என்ன சொல்கிறது என்று ஒரே வாக்கியத்தில் சாதாரணப் பேச்சாக எழுதிப் பார். உன் பாட்டில் முதலாவதற்கு "அம்மா சமைத்துவிட்டு மகனுக்காக விழித்திருக்கிறாள்" என்று வரும். இரண்டாவதற்கும் அதேதான் வருகிறது. சந்தேகம் இருந்தால் இரண்டையும் இடம் மாற்றிப் பாடு. எதுவும் கெடவில்லை என்றால் இரண்டில் ஒன்று வேண்டாத சரணம்.

பொழுதையோ பருவத்தையோ மாற்றித் தப்பிக்கலாம் என்று தோன்றும். முதலில் ராத்திரி, அடுத்தது விடியல். முதலில் கோடை, அடுத்தது ஐப்பசி மழை. அதில் காலண்டர்தான் மாறும், அம்மாவைப் பற்றிக் கூடுதலாக ஒன்றும் தெரியாது.

பறம்பு மலையை மூவேந்தரிடம் இழந்தபின் பாரியின் பெண்கள் பாடிய பாட்டு நினைவிருக்கிறதா? புறநானூற்றில் 112ஆவது, மொத்தமே 5 அடி. அதிலும் அச்சு ஒன்றுதான். அற்றைத் திங்கள், அவ்வெண்ணிலவு. இற்றைத் திங்கள், இவ்வெண்ணிலவு. நிலா அப்படியே இருக்க, முன்பாதியில் இருந்த இரண்டு உடைமைகள் பின்பாதியில் போய்விடுகின்றன. 'அழுகிறோம்', 'தவிக்கிறோம்' என்று ஒரு சொல்கூட இல்லை, நடந்ததைத்தான் சொல்கிறார்கள். இன்னொன்றையும் கவனி. முன்பாதியில் தந்தை முதலில், குன்று அடுத்து. பின்பாதியில் அது தலைகீழாகிறது, குன்று முதலில் போகிறது, "எந்தையும் இலமே" கடைசியில் வந்து விழுகிறது. வரிசையை மாற்றாமல் விட்டிருந்தால் பாட்டு மலையில் போய் முடிந்திருக்கும்.

உன் பாட்டுக்கு வருவோம். முதல் சரணம் முடியும்போது கேட்பவன் மனதில் சில கேள்விகள் நிற்கும். மகன் எங்கே போனான்? போய் எத்தனை நாளாச்சு? ஏன் போனான்? வீட்டில் வேறு யாரும் இல்லையா? இதில் ஒன்றே ஒன்றுக்கு மட்டும் பதில் சொல். நாலு வரிக்குள் அப்பா செத்தது, கடன், துபாய் விசா என்று எல்லாவற்றையும் திணித்தால் முதன்முறை கேட்பவனுக்கு எதுவும் பதியாது. எந்தக் கேள்வி என்பதைப் பல்லவியே சொல்லும். உன் பல்லவி திறந்து கிடக்கும் வாசலைப் பற்றியது. அப்படியானால் அந்த வாசல் எப்போதாவது மூடியிருந்ததா? யார் மூடியது? நான் இப்படி எழுதிப் பார்த்தேன்:

பேசி வெரட்டி வாசல் மூடினேன்
வீசி எறிஞ்ச பாய தேடினேன்

அவனை விரட்டியதே அவள்தான். இதற்கப்புறம் பல்லவிக்குப் போய்ப் பார். "வாசல் இன்னும் தொறந்து கிடக்கு" என்பதில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஆனால் முதலில் பாசமாகக் கேட்ட வரி இப்போது குற்ற உணர்ச்சியாகக் கேட்கும். ஆறிப்போன சோற்றுக்கும் வேறு அர்த்தம் வந்துவிடுகிறது. இந்தச் சரணத்தை முதலில் வைத்தால் அது நடக்காது. காரணம் தெரிந்த பிறகு வரும் சோறும் ரோடும் வெறும் தொடர்ச்சியாகப் போய்விடும்.

மெட்டில் ஓர் உறுத்தல் இருக்கிறது, மறைக்கவில்லை. 'வடிச்சேன்', 'வெறிச்சேன்' இரண்டும் நெடிலில் முடிகின்றன. என் 'வெரட்டி'யும் 'எறிஞ்ச'வும் குறிலில் முடிகின்றன. பாடுபவர் அந்த இடத்தில் கொஞ்சம் இழுக்க வேண்டியிருக்கும். உன் இசையமைப்பாளரிடம் பாடிக் காட்டிவிட்டு முடிவு செய். அவர் அங்கே ஸ்வரத்தை நீட்டிப் பிடித்திருந்தால் காதுக்கு உறுத்தாது, கமகமோ துரித அசைவோ இருந்தால் வேறு சொல் தேட வேண்டும்.

புதுத் தகவல் என்றாலே அதிர்ச்சி கொடுக்க வேண்டும் என்று நினைத்துவிடாதே. மகன் செத்துவிட்டான் என்று எழுதலாம், ஆனால் "எப்ப வருவே" என்ற பல்லவி அப்போது பித்துப் பிடித்தவளின் பேச்சாகிவிடும். அது வேறு பாட்டு, அதற்கான விதையை முதல் சரணத்திலேயே ஊன்றியிருக்க வேண்டும். எது சேர்த்தாலும் அதற்குப் பிறகும் பல்லவியை அந்த அம்மா வாயாலேயே பாட முடிய வேண்டும், எனக்கு இருக்கும் ஒரே எல்லை அதுதான். கும்மியும் தாலாட்டும் இந்தக் கணக்கில் வராது. அங்கே திரும்பத் திரும்ப வருவதுதான் வேலையே செய்கிறது, கைதட்டவும் குழந்தை தூங்கவும்.

பூனையைத் தூக்கிப் போட்டுவிடாதே. முதல் சரணத்தில் சோற்றை எடுத்துவிட்டு மீனையும் பூனையையும் அங்கே வை, அந்த வரிதான் மேல். ரோடு வெறிப்பது அப்படியே இருக்கட்டும். இரண்டாம் சரணத்தில் நான் எழுதியது முதல் இரண்டு வரிகள்தான், மீதி இரண்டும் உன்னுடையவை. அதில் 'மன்னிச்சுடு' என்று மட்டும் எழுதாதே. வீசின பாயைத் தேடி எடுக்கிறவள் வாய்விட்டு அப்படிக் கேட்க மாட்டாள்.

ஒலிப்பதிவுக்கு முன் அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்