பதம் பிரித்துக் கொடுங்கள்: சொற்பொழிவுச் சபையாருக்கு ஒரு திறந்த மடல்

சபைப் பெரியோர்களுக்கு வணக்கம்.

வெளிநாட்டில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கென்று ஆடி மாதம் மதுரையில் நீங்கள் நடத்திய திருநீற்றுப் பதிகச் சொற்பொழிவைப் பற்றி எழுதுகிறேன். அன்று நடந்ததை நீங்களும் பார்த்தீர்கள். டொராண்டோவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த என் தங்கை மகள் எழுந்து ஓர் அடிக்குப் பொருள் கேட்டாள். "தாய்மொழியைத் தொலைத்துவிட்டுத் தேவாரம் கேட்க வந்தாயா?" என்றார் பேச்சாளர். அரங்கம் சிரித்தது. பிள்ளை உட்கார்ந்துவிட்டாள்.

அவள் கேட்டது நியாயமான கேள்வி. நீங்கள் கொடுத்த தாளில் முதல் பாட்டின் கடைசி அடி, பழைய அச்சில் உள்ளபடியே, "செந்துவர் வாயுமை பங்கன் றிருவால வாயான் றிருநீறே" என்று இருந்தது. சனிக்கிழமை வகுப்பில் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றவள் 'வாயுமை'யை ஒரே சொல்லாக எடுத்துக்கொண்டாள். தமிழில் றகரத்தில் எந்தச் சொல்லும் தொடங்காது என்று அதே வகுப்பில்தான் படித்திருந்தாள். தாளிலோ 'றிரு' என்று இரண்டு இடங்களில் இருக்கிறது. தாளின் மறுபக்கத்தில் ஆங்கில எழுத்தில் அச்சிட்டிருந்தீர்கள். அதில் ரகரத்துக்கும் றகரத்துக்கும் வேறுபாடே இல்லை.

வீட்டுக்கு வந்ததும், "செந்துவர் வாய் உமை பங்கன், திரு ஆலவாயான் திருநீறே" என்று பிரித்து எழுதிக் கொடுத்தேன். உமையும் திருநீறும் அவள் சிறு வயது முதல் கேட்டவை. ஆலவாய் இந்த மதுரைதான் என்றேன். 'செந்துவர்' ஒன்றுக்குத்தான் பொருள் சொல்ல வேண்டியிருந்தது.

பாண்டியனின் வெப்பு நோய் தீரச் சம்பந்தர் இந்த ஊரிலேயே பாடிய பதிகம் என்பார்கள். இதைத் தேர்ந்தெடுத்ததற்கு நன்றி. முதல் பாட்டின் முதல் மூன்று அடிகளில் ஒவ்வோர் அரையடியும் 'நீறு' என்றே முடிகிறது. ஓதுவார் ஓர் அரையடியைப் பாடி நிறுத்தினால் பிள்ளைகள் உடனே திருப்பிப் பாடலாம். நீங்களோ பதினொரு பாட்டையும் ஒரே மூச்சில் முடித்தீர்கள். விளக்கமும் வீட்டில் யாரும் பேசாத மேடைத் தமிழில் இருந்தது.

தமிழைத் தொலைத்தவர்கள் கடல் கடந்தவர்கள் மட்டும்தானா? அன்று சிரித்தவர்களில் எத்தனை பேர் வீட்டுப் பிள்ளைகள் இந்த அடியைத் தடுமாறாமல் படிப்பார்கள்? நம் ஊர்ப் பிள்ளைகளே ஆங்கில எழுத்தில்தான் தமிழில் செய்தி அனுப்புகிறார்கள். அவர்களை எந்த மேடையிலும் யாரும் நிறுத்திக் கேட்பதில்லை. சாமி பாட்டைத் தமிழில்தான் பாடுவேன் என்று தேடி வந்த பிள்ளைக்கு மட்டும் இந்த அவமானம் ஏன்?

கோபத்தில் சற்று நீட்டிவிட்டேன், பொறுத்தருளுங்கள். அடுத்த விடுமுறைக் கூட்டத்தில் ஒரே ஒரு பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதைத் தமிழ் எழுத்தில், பெரிதாக, பதம் பிரித்து அச்சிடுங்கள். ஆங்கில எழுத்துத் தாள் வேண்டாம். ஓதுவார் அரையடி அரையடியாகச் சொல்லிக்கொடுக்கட்டும். பொருளை வீட்டில் பேசும் தமிழில் சொல்லுங்கள். பதம் பிரிக்க ஆள் இல்லையென்றால் நான் எழுதித் தருகிறேன். பேச்சாளரிடம் ஒன்று மட்டும் சொல்லிவையுங்கள்: கேள்வி கேட்கிற பிள்ளைக்கு முதலில் பதில் சொல்லட்டும்.

பணிவுடன்,
திருமங்கலத்திலிருந்து ஒரு சபை உறுப்பினர்