கிராஜுவிட்டி நட்டம் எந்தக் கணக்கில் போய்ச் சேருகிறது? தணிக்கைக் குழு உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் தணிக்கைக் குழுக்களில் அமர்ந்திருக்கும் சுயேச்சை இயக்குநர்களுக்கு,

வணக்கம். கணக்கறிக்கை உங்கள் மேசைக்கு வரும்போது பெரும்பாலும் நிகர லாபம் என்ற வரியோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே ‘பிற விரிவான வருமானம்’ என்று ஒரு பகுதி இருக்கிறது. அலுவலகத்தில் எல்லோரும் ஓ.சி.ஐ. என்பார்கள். அந்தப் பகுதியில் ஏறக்குறைய எல்லா நிறுவனத்திலும் தவறாமல் வரும் ஒரு வரியைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறோம்: வரையறுக்கப்பட்ட பயன் திட்டங்களின் மறுமதிப்பீடு. நம் ஊரில் அது முக்கியமாக கிராஜுவிட்டியைக் குறிக்கும்.

ஊழியர் வேலையை விடும்போது, கடைசியாக வாங்கிய கூலியில் 26-ல் 15 பங்கை, பணிபுரிந்த ஆண்டுகளால் பெருக்கித் தருவதுதான் கிராஜுவிட்டி. இன்று 52,000 ரூபாய் கூலி வாங்குபவருக்கு 20 ஆண்டுப் பணிக்கு 6 லட்சம். ஆனால் பணம் கைக்குப் போவது பல ஆண்டுகள் கழித்து. அதனால் அன்றைய கூலி எவ்வளவு இருக்கும், எத்தனை பேர் இடையிலேயே போய்விடுவார்கள் என்றெல்லாம் அனுமானித்து, வரும் தொகையை அரசுக் கடன் பத்திரங்களின் வட்டியை ஒட்டிய தள்ளுபடி வீதத்தில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து, ஆக்சுவரி ஒரு பொறுப்புத் தொகையைச் சொல்கிறார். மார்ச் 31 அன்று பத்திர வட்டி கால் சதவீதம் இறங்கினாலே அந்தத் தொகை ஏறிவிடும். ஆலையில் அன்று எதுவும் மாறியிருக்காது. அடுத்த ஆண்டு வட்டி ஏறினால் அதே நட்டம் லாபமாகத் திரும்பும். இந்த ஏற்றஇறக்கத்தை லாப நட்டக் கணக்கில் விட்டால் அந்த ஆண்டு வியாபாரம் எப்படி நடந்தது என்பதே தெரியாமல் போகும். அதனால்தான் இண்ட் ஏ.எஸ். 19 என்ற கணக்கியல் தரநிலை அதை ஓ.சி.ஐ.-க்கு அனுப்புகிறது. பழைய ஏ.எஸ். 15-ஐப் பின்பற்றும் நிறுவனங்களில் இதே தொகை இன்றும் லாப நட்டக் கணக்கில்தான் விழுகிறது. ஒரே மாதிரியான இரண்டு நிறுவனங்களின் லாபத்தை ஒப்பிடும்போது இதை மறக்கக் கூடாது.

ஒரு கற்பனை நிறுவனத்தின் ஓராண்டைப் பாருங்கள். ஆண்டுத் தொடக்கத்தில் பொறுப்பு 10 கோடி, அதற்காக ஒதுக்கிய நிதி 8 கோடி, தள்ளுபடி வீதம் 7 சதவீதம். இந்த ஆண்டு ஊழியர்கள் வேலை பார்த்ததால் கூடிய பொறுப்பு, அதாவது நடப்புப் பணிச் செலவு, 110 லட்சம். பற்றாக்குறையான 2 கோடிக்கு 7 சதவீத வட்டி 14 லட்சம். இரண்டும் சேர்ந்து 124 லட்சம் லாப நட்டக் கணக்கில் செலவு. ஆண்டு முடிவில் நிறுவனம் நிதிக்கு 1 கோடி கட்டுகிறது, போனவர்களுக்கு நிதியிலிருந்து 60 லட்சம் வழங்கப்படுகிறது. அனுமானங்கள் அப்படியே பலித்திருந்தால் இறுதிப் பொறுப்பு 11 கோடியே 20 லட்சமாக நின்றிருக்கும். ஆக்சுவரியின் அறிக்கையிலோ 11 கோடியே 95 லட்சம். கூடுதலான 75 லட்சத்தில் 30 லட்சம் தள்ளுபடி வீதம் இறங்கியதால் வந்தது. மீதி 45 லட்சம், அனுமானித்ததைவிடக் கூலி அதிகமாக ஏறியதால் வந்தது. நிதியும் 56 லட்சம் ஈட்ட வேண்டிய இடத்தில் 40 லட்சம்தான் ஈட்டியது, அதில் 16 லட்சம் குறைவு. ஆக 91 லட்சம் நட்டம் ஓ.சி.ஐ.-க்குப் போகிறது, அதற்குரிய வரியும் அதோடு சேர்ந்தே அங்கே போகும். பற்றாக்குறை 2 கோடியிலிருந்து 3 கோடியே 15 லட்சமாகிவிட்டது. லாப நட்டக் கணக்குக்குத் தெரிந்தது 124 லட்சம் மட்டும்.

அந்த 30 லட்சமும் 16 லட்சமும் ஓ.சி.ஐ.-யில் இருப்பதில் எங்களுக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. சந்தை போன போக்கு அது. உங்கள் கவனத்தைக் கேட்பது அந்த 45 லட்சத்துக்கு. கணக்குக் குறிப்புகளில் ‘அனுபவ மாற்றம்’ என்று அது வரும், நடந்ததற்கும் நினைத்ததற்கும் உள்ள வித்தியாசம் என்று பொருள். நியாயமான அனுமானம் என்றால் அது ஓராண்டு நட்டமாகவும் ஓராண்டு லாபமாகவும் மாறி மாறி வர வேண்டும். ஆண்டுதோறும் நட்டமாகவே வந்தால் அனுமானம் பிழை.

எப்படிப் பிழையாகிறது? கூலி உயர்வை ஆக்சுவரி கண்டுபிடிப்பதில்லை, நிர்வாகம் சொல்வதை வாங்கிக்கொள்கிறார். அது எப்போதோ 5 சதவீதம் என்று எழுதிக்கொடுத்திருக்கும், அதே படிவம் ஆண்டுதோறும் போகும். மனிதவளத் துறையோ ஆண்டுக்கு 9 சதவீதம் உயர்த்திக்கொண்டிருக்கும். 10 ஆண்டு பணி முடித்த அதே 52,000 ரூபாய் ஊழியரை எடுத்துக்கொள்ளுங்கள். இன்னும் 10 ஆண்டில் ஓய்வு. 5 சதவீதத்தில் கடைசிக் கூலி சுமார் 84,700, கிராஜுவிட்டி 9.77 லட்சம். 9 சதவீதத்தில் கூலி 1,23,100, கிராஜுவிட்டி 14.20 லட்சம். இடையிலுள்ள 4.43 லட்சத்தில் பெரும் பகுதி சிறுகச் சிறுக அனுபவ நட்டமாக ஓ.சி.ஐ. வழியாகவே கழிந்துவிடும். ஊழியருக்கு உண்மையாகவே கொடுக்கப்போகும் கூலிச் செலவு அது. அது எந்த ஆண்டின் லாபத்தையும் தொடாது.

தொடவே தொடாது என்பதற்குக் காரணம், இந்த நட்டம் பிற்பாடும் லாப நட்டக் கணக்குக்குத் திருப்பி அனுப்பப்படுவதில்லை. ஓ.சி.ஐ.-யில் இரண்டு வகை உண்டு. ரொக்க ஓட்டக் காப்புக்காகச் செய்த முன்பேர ஒப்பந்தத்தின் லாப நட்டம் போன்றவை உரிய நேரம் வரும்வரை அங்கே காத்திருந்து, பிறகு லாப நட்டக் கணக்குக்கு வரும். கிராஜுவிட்டி மறுமதிப்பீடு இரண்டாம் வகை, போனது போனதுதான். எந்த ஆண்டில் எவ்வளவைத் திருப்புவது என்பதற்குப் பொருத்தமான அடிப்படை கிடைக்கவில்லை என்றுதான் தரநிலை வகுத்தவர்கள் இதை இப்படி விட்டார்கள். நியாயம்தான். ஆனால் வாசல் ஒருவழியாக இருப்பதால் தப்பான அனுமானம் என்றைக்கும் லாபத்தில் வந்து அம்பலமாகாது. பங்கொன்றுக்கான ஈட்டத்தில் இது இல்லை. மேலாளர்களின் ஊக்கத்தொகை நிகர லாபத்தை வைத்துக் கணக்கிடப்பட்டால் அதிலும் இல்லை. போதாக்குறைக்கு, நிறுவனங்கள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணைப்படி இந்தத் தொகை தக்கவைத்த வருவாயின் ஒரு பகுதியாகவே காட்டப்படுகிறது. தனியாகக் குறிப்பிட வேண்டும் என்று விதி இருந்தாலும், பல ஆண்டுகளில் சேர்ந்தது எவ்வளவு என்பது ஒரே பார்வையில் கண்ணில் படாது.

ஆகவே ஒரு தாள் கேளுங்கள். கடைசி ஐந்து ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு ஒரு வரி: அனுமானித்த கூலி உயர்வு, உண்மையில் கொடுத்தது, அனுமானித்த வெளியேற்ற வீதம், உண்மையில் வெளியேறியவர்கள், அனுபவ லாப நட்டம். உண்மையில் நடந்த இரண்டும் மனிதவளத் துறையில் இருக்கும், மற்ற மூன்றும் ஆக்சுவரியின் அறிக்கையில் இருக்கும். தயாரிக்க அரை நாள் போதும். வெளியேற்ற வீதத்தையும் கேட்பதற்குக் காரணம் உண்டு. ஐந்து ஆண்டு முடியுமுன் போகிறவர்களுக்குப் பொதுவாக கிராஜுவிட்டி கிடையாது என்பதால், நிறையப் பேர் போய்விடுவார்கள் என்று எழுதினாலும் பொறுப்பு குறைந்து தெரியும்.

லாப நட்டக் கணக்குக்கும் ஓ.சி.ஐ.-க்கும் இடையிலுள்ள கோடு இன்னொரு இடத்திலும் தாண்டப்படுகிறது. 2018 மார்ச் 29 அன்று கிராஜுவிட்டி உச்சவரம்பு 10 லட்சத்திலிருந்து 20 லட்சமானது. 2025 நவம்பர் 21 அன்று தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்து, கூலி என்பதன் வரையறை விரிந்தது. விலக்கப்பட்ட படிகள் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய பகுதியும் கூலியில் சேரும். அடிப்படைச் சம்பளத்தைக் குறைவாக வைத்துப் படிகளால் நிரப்பிய நிறுவனங்களுக்கு இதனால் பொறுப்பு சட்டென்று உயர்கிறது. இப்படி உயர்வது அனுமான மாற்றம் இல்லை, திட்டத்தின் பயனே மாறியிருக்கிறது. ஏற்கெனவே முடிந்த பணிக்கான அந்தக் கூடுதல் தொகை ‘கடந்த பணிச் செலவு’. அது முழுவதும் உடனே லாப நட்டக் கணக்கில்தான் வர வேண்டும். விதிவிலக்கான இனம் என்று தனி வரியில் காட்டலாம், ஆனால் நிகர லாபக் கோட்டுக்கு மேலே. ஆக்சுவரிக்குப் புதிய கூலிப் பட்டியலை மட்டும் அனுப்பிவிட்டு, ஏன் கூடியது என்று சொல்லாமல் விட்டால், மென்பொருள் அதை அனுபவ நட்டம் என்றே பிரித்துக் காட்டி ஓ.சி.ஐ.-யில் தள்ளிவிடும். கேட்க வேண்டிய கேள்வி எளிது: பழைய வரையறையில் பொறுப்பு எவ்வளவு, புதியதில் எவ்வளவு, இரண்டு கணக்கீடும் தனித்தனியாகச் செய்யப்பட்டதா?

விடுப்பு ஒப்படைப்பையும் பார்த்துவிடுங்கள். அதே ஆக்சுவரி, அதே உறையில் அந்த அறிக்கையையும் அனுப்புவார், வடிவமும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் சேர்த்துவைத்த விடுப்பு ‘பிற நீண்டகாலப் பயன்’ என்ற வகை. அதன் மறுமதிப்பீடு முழுவதும் லாப நட்டக் கணக்குக்கே உரியது. இரண்டு அறிக்கைகளின் ஆக்சுவரி நட்டத்தையும் கூட்டி ஓ.சி.ஐ.-யில் போட்டிருந்தால் அது பிழை. கண்டுபிடிக்க, ஓ.சி.ஐ. வரியில் உள்ள தொகை கிராஜுவிட்டி குறிப்பிலுள்ள தொகையோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தால் போதும்.

அனுமானம் தவறு என்று தெரிந்து திருத்தச் சொன்னால் நிர்வாகத்திடமிருந்து எதிர்ப்பு வரும். அது எங்கிருந்து வரும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். 5 சதவீதத்தை 9 ஆக்கினால் பொறுப்பு ஒரே நாளில் உயரும், ஆனால் அந்த உயர்வு ஓ.சி.ஐ.-க்குப் போவதால் யாரும் அதிகம் வருந்த மாட்டார்கள். அடுத்த ஆண்டிலிருந்து நடப்புப் பணிச் செலவும் வட்டியும் கூடி, லாபம் நிரந்தரமாகச் சற்று இறங்குமே, அதற்குத்தான் தயங்குவார்கள். பணிச் செலவு ஆண்டின் தொடக்கத்து அனுமானத்தில் கணக்கிடப்படுவதால், மார்ச் மாதக் கூட்டத்தில் திருத்தினால் அடுத்த ஆண்டு சரியாகும், மே மாதம் கணக்கை ஒப்புக்கொண்ட பிறகு பேசினால் இன்னோர் ஆண்டு போய்விடும்.

ஒன்றை மட்டும் அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டாம். 9 சதவீத உயர்வு கொடுத்த பதிவேடு கையில் இருந்தும் 5 சதவீதம் என்றே எழுதிவந்திருந்தால், அதை மதிப்பீட்டு மாற்றம் என்று சொல்லி இந்த ஆண்டு ஓ.சி.ஐ.-யில் கழிக்க முடியாது. அப்போதே கிடைத்த தகவலைப் பயன்படுத்தத் தவறியது இண்ட் ஏ.எஸ். 8-ன்படி முந்தைய காலப் பிழை. தொகை பொருட்படுத்தத்தக்கதாக இருந்தால், ஒப்பீட்டு ஆண்டின் பணிச் செலவையும் தொடக்க இருப்பையும் திருத்தி, குறிப்பில் காரணத்தோடு எழுத வேண்டும். எது மதிப்பீட்டு மாற்றம், எது பிழை என்று தணிக்கையாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இப்படிக்கு,
நிறுவனக் கணக்கறிக்கைகளைத் தயாரித்தும் சரிபார்த்தும் வரும் சிலர்