பனீர் தண்ணீரில் போகும் கால்சியம்: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

பினாங்கு லிட்டில் இந்தியாவில் உள்ள எங்கள் கடைக்கு வரும் பெரியவர்கள் பலர், "எலும்புக்கு எது நல்லது, பாலா, தயிரா, பனீரா?" என்று கேட்கிறார்கள். பால் விற்பவர்கள் நாங்கள்தான் என்பதால், கேட்பவர்களுக்குச் சரியான பதிலைச் சொல்லும் பொறுப்பும் எங்களுக்கு உண்டு.

பாலும் தயிரும் இதில் சமம். ஒரு கிளாஸ் பாலில், அதாவது 250 மில்லியில், ஏறக்குறைய 300 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. அதில் மூன்றில் ஒரு பங்கைத்தான் உடல் எடுத்துக்கொள்கிறது, வயது கூடக் கூட அதுவும் குறையும். அதே பாலை உறை ஊற்றினால் கால்சியம் எங்கும் போவதில்லை. பால் குடித்தால் வயிறு உப்புகிறது என்பவர்களுக்குத் தயிர் ஒத்துக்கொள்வதற்குக் காரணம், அதிலுள்ள நல்ல கிருமிகள் லாக்டோஸில் ஒரு பகுதியைத் தின்றுவிடுவதுதான்.

பனீர் கதை வேறு. பாலில் உள்ள கால்சியத்தின் பெரும்பகுதி புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். சூடான பாலில் எலுமிச்சைச் சாறு விடும்போது பால் திரிகிறது, கூடவே அந்தப் புளிப்பு கால்சியத்தில் ஒரு பகுதியைக் கரைத்துவிடுகிறது. துணியில் கட்டிப் பிழியும்போது வடிகிற பச்சை மஞ்சள் நிறத் தண்ணீரோடு அது போய்விடும். சாறு கூடினால் இழப்பும் கூடும். அதனால் எங்கள் பட்டறையில், தண்ணீர் வெள்ளை மாறித் தெளிந்ததுமே சாறு விடுவதை நிறுத்திவிடுகிறோம். அப்படியும் ஒரு லிட்டர் பாலின் கால்சியம் முழுவதும் பனீரில் வந்துவிடாது. பனீர் நல்ல புரதம், ஓரளவு கால்சியமும் உண்டு. வெளியே வாங்கினால் பாக்கெட்டின் பின்புறம் 100 கிராமுக்குக் கால்சியம் எவ்வளவு என்று பாருங்கள், கம்பெனிக்குக் கம்பெனி நிறைய வேறுபடும். தயிரைத் துணியில் தொங்கவிட்டுக் கெட்டியாக்குபவர்களுக்கும் இதே செய்திதான். வடிகிற தண்ணீரைக் கொட்டாதீர்கள், சப்பாத்தி மாவு பிசையவோ ரசத்துக்கோ வைத்துக்கொள்ளுங்கள்.

எழுபது வயதைக் கடந்த ஓர் அம்மா எங்களிடம் வாடிக்கை. "நான்தான் தினமும் மூணு வேளை பால் போட்ட தே குடிக்கிறேனே, அப்புறம் எதுக்குப்பா தயிர்?" என்றார். அவர் வீட்டு டின்னை எடுத்துவரச் சொல்லிப் படித்துப் பார்த்தோம். அது கிரீமர். பாமாயிலும் சீனியும் கொஞ்சம் பால் பொருளும் சேர்ந்தது. நம் ஊர்க் கடைகளில் டின்னில் வரும் இனிப்புப் பால் பெரும்பாலும் இந்த வகைதான், அசல் கண்டென்ஸ்டு மில்க் அல்ல. மூன்று கப் தேயில் சீனி நிறையச் சேர்ந்தது, கால்சியம் சொற்பம்தான்.

ஐம்பதைக் கடந்த பெண்களுக்கு நாளுக்கு 1200 மில்லிகிராம் கால்சியம் பரிந்துரைக்கப்படுகிறது. அந்த அம்மாவுக்கு நாங்கள் போட்ட கணக்கு இது: காலையில் ஒரு கப் தயிர், இரவில் ஒரு கிளாஸ் பால், இரண்டும் சேர்ந்து 600. மீதிக்குப் பால் தேவையில்லை. கால்சியம் உப்பு கொண்டு உறையவைத்த தோஃபு, முள்ளோடு மென்று தின்னும் நெத்திலி, சவி கீரை. சவியின் கால்சியத்தில் நூற்றுக்கு நாற்பதளவு உடலில் சேர்கிறது, பாலைவிட மேல். பசலைக் கீரையில் ஆக்ஸலேட் அதைப் பிடித்துவைத்துக்கொள்வதால் நூற்றுக்கு ஐந்துதான் சேரும். பல் ஆடுகிறது, நெத்திலி முடியாது என்றார் அவர். சரி, அதைப் பொடித்துச் சாதத்தில் தூவிக்கொள்ளச் சொன்னோம். எல்லாவற்றையும் ஒரே வேளையில் சாப்பிடாமல் பிரித்துச் சாப்பிட்டால் உடல் அதிகம் எடுத்துக்கொள்ளும்.

அப்படியானால் பால் இல்லாமல் முடியாதா? முடியும். எலும்பு கேட்பது கால்சியம், வைட்டமின் டி, புரதம். அவை வேறு உணவிலிருந்து ஒழுங்காகக் கிடைத்தால் போதும். ஆனால் பசி குறைந்த முதியவர்களுக்குப் பாலும் தயிரும் எளிய வழி. ஆஸ்திரேலியாவில் 60 முதியோர் இல்லங்களில் 7000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ஆய்வு 2021-இல் வெளியானது. பாதி இல்லங்களில் பால், தயிர், சீஸ் கூட்டிக் கொடுத்தார்கள். அங்கே எலும்பு முறிவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, இடுப்பு முறிவு இன்னும் அதிகமாகக் குறைந்தது. அவர்கள் அதற்கு முன் போதிய கால்சியம் சாப்பிடாதவர்கள், வைட்டமின் டி மட்டும் குறையாதவர்கள். ஏற்கெனவே நன்றாகச் சாப்பிடுபவர்களுக்கு அதே பலன் கிடைக்கும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பால், தயிர், பனீரைக் கூட்டும் முன் டாக்டரைக் கேளுங்கள், இவற்றில் பாஸ்பரஸும் அதிகம்.

பனீர் வடித்த தண்ணீர் வேண்டுமென்றால் காலையில் போத்தலோடு வாருங்கள், காசு வேண்டாம். அன்றன்றைக்கே பயன்படுத்திவிடுங்கள்.

அன்புடன்,
கடைக் குடும்பத்தினர்