பழைய பெயரையும் கொஞ்சம் பாருங்கள்: வடசென்னை நோட்டரிகளுக்கும் கணினி மையத்தாருக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் பெயர் மாற்ற நினைப்பவர்கள் முதலில் வந்து நிற்பது உங்கள் கடை வாசலில்தான். அண்ணா சாலையிலுள்ள எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறைக்கு மனு போவதும், புதன்கிழமை அரசிதழில் அறிவிப்பு வருவதும் உங்களுக்குத் தெரியாததல்ல. எனவே ஒன்றே ஒன்று கேட்கிறோம். புதுப் பெயரை அடிப்பதற்கு முன், பழைய பெயர் எந்தெந்தச் சான்றில் எப்படி இருக்கிறது என்று பாருங்கள்.

அண்மையில் கண்ணில் பட்ட ஒரு அறிவிப்பைப் போல ஓர் உதாரணம் சொல்கிறோம். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் ‘ஆர். செல்வி’. ஆதாரில் ‘செல்வி ராமன்’. மனு எழுதியவர் ஆதாரை மட்டும் வாங்கி ‘செல்வி ராமன்’ என்று அடித்துவிட்டார். அரசிதழில் வருவது ஒரே வாக்கியம்: இன்னாரின் மகளான, இன்ன தேதியில் பிறந்த, இன்ன முகவரியில் வசிக்கும் இன்னார், இனி ‘ஜோதி’ என்று அழைக்கப்படுவார். ஆதார் சிக்கலில்லாமல் மாறிவிடும். வேலைக்கு மதிப்பெண் சான்றிதழைக் காட்டும் நாளில்தான், “ஆர். செல்வி யாரும்மா?” என்ற கேள்வி வரும். இரண்டு பெயரும் ஒருவருடையதுதான் என்று சொல்ல அந்தப் பெண்ணின் கையில் ஒரு தாள்கூட இருக்காது. மறுபடியும் மனு, மறுபடியும் கட்டணம், மறுபடியும் காத்திருப்பு. உங்களுக்கு மிச்சமானது ஐந்து நிமிடம்.

பிறப்புச் சான்றிதழையும் பள்ளிச் சான்றிதழையும் வாங்கி, அவற்றில் உள்ள பெயரை, இனிஷியலோடு, மனுவில் எழுதுங்கள். ஆதார், ரேஷன் அட்டை, வங்கிப் புத்தகத்தில் வேறு மாதிரி இருந்தால் அவை ஒவ்வொன்றையும் முத்திரைத்தாளில் எழுதும் உறுதிமொழிப் பத்திரத்தில் சேர்த்து, எல்லாம் ஒருவரையே குறிக்கும் என்று ஒரு வரி போடுங்கள். கீழே பழைய பெயரில் கையெழுத்து.

நோட்டரி ஐயாமார்களே, அந்தக் கையெழுத்து உங்கள் கண்ணெதிரே போடப்பட வேண்டியது. முன்கூட்டியே முத்திரை குத்தி அடுக்கிவைத்த தாளில் விவரத்தை நிரப்பிக் கொடுப்பதற்குப் பெயர் சான்றளிப்பு அல்ல. காசு வாங்குகிறீர்கள்; ஆளையாவது நிமிர்ந்து பாருங்கள்.

மொழியையும் கேளுங்கள். அறிவிப்பு தமிழில் மட்டும் வந்தால் புதுப் பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டல் அதில் இருக்காது. பாஸ்போர்ட்டும் பான் அட்டையும் அந்த ஆங்கில எழுத்தை வைத்துத்தான் நடக்கின்றன. பாஸ்போர்ட் எடுக்கும் எண்ணம் இருப்பவருக்கு ஆங்கில அறிவிப்பே நல்லது என்று முதலிலேயே சொல்லிவிடலாம்.

கோபத்தில் ஏதும் கூடுதலாகச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பழைய பெயரைச் சான்றுகளோடு ஒப்பிட்டு, அடித்த மனுவை வந்தவரிடம் ஒருமுறை வாசித்துக் காட்டிவிட்டு, அதன் பிறகு கையெழுத்து வாங்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.