அவசரம் என்று யார் முடிவு செய்வது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உள்நோயாளிகளைப் பார்க்க இனி மாலை 4 முதல் 6 வரைதான் அனுமதி, துணைக்கு ஒருவர் மட்டுமே இருக்கலாம் என்ற மருத்துவமனை அறிவிப்பைத் தங்கள் இதழில் படித்தேன். நேரத்தைக் குறைத்ததில் எனக்கு வருத்தமில்லை. கட்டிலைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்தால் கிருமி பரவும், நர்ஸுகளுக்கும் வேலை கெடும். "அவசர நேரங்களில் உரிய அலுவலரின் அனுமதியுடன் உள்ளே செல்லலாம்" என்ற வரிதான் உறுத்துகிறது. யார் அந்த அலுவலர்? நடுராத்திரியில் அவரை எங்கே தேடுவது? அதைத் தாங்களும் கேட்காமல் அப்படியே அச்சிட்டுவிட்டீர்களே என்பது என் வருத்தம்.

என் அப்பாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து வேறொரு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நடந்தது. அங்கும் ஒரே பாஸ்தான், அது தம்பியிடம் இருந்தது. இரவில் ரத்தம் ஏற்ற வேண்டும் என்று நர்ஸ் சீட்டையும் மாதிரிக் குழாயையும் அவன் கையில் கொடுத்து ரத்த வங்கிக்கு அனுப்பினார். அங்கே பொருத்தம் பார்த்துத் தர நேரமாகும். அதுவரை அப்பாவுக்குப் பக்கத்தில் யாருமில்லை. அறுவைக்குப் பிறகு வயதானவர்கள் சிலருக்கு ராத்திரியில் திடீரென்று நினைவு தடுமாறும். எங்கே இருக்கிறோம் என்பதே தெரியாமல் டியூபைப் பிடுங்குவார்கள், இறங்கி நடக்கப் பார்ப்பார்கள். தெரிந்த முகம் பக்கத்தில் இருந்தால் ஓரளவு அடங்குவார்கள். மருத்துவர்களே சொல்வது இது.

நான் வாசலில் நின்று கெஞ்சினேன். "டூட்டி டாக்டர் சொன்னால் விடுகிறேன்" என்றார் காவலாளி. டாக்டரோ உள்ளே வார்டில். அவரைக் கேட்க நான் உள்ளே போக வேண்டும், உள்ளே போக அவர் சொல்ல வேண்டும். காவலாளியைக் குறை சொல்லமாட்டேன், என்னை விட்டால் அவர் வேலை போயிருக்கும். தம்பி திரும்பி வந்தபோது அப்பா மூத்திர டியூபை இழுத்துவிட்டிருந்தார். விரிப்பெல்லாம் ரத்தம். பக்கத்துக் கட்டிலுக்குத் துணையாக இருந்த பெண்மணிதான் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

இன்னொன்றும் உண்டு. டாக்டர்கள் ரவுண்ட்ஸ் வருவது காலையில், உறவினரை விடுவது மாலையில். என்ன மருந்து மாற்றினார்கள், எப்போது வீட்டுக்கு அனுப்புவார்கள் என்பதெல்லாம் இரவெல்லாம் தூங்காத ஒருவர் காதில் விழுந்ததுதான் குடும்பத்துக்குத் தெரியும். ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போகவும், கையெழுத்து வாங்கவும் மட்டும் "கூட இருக்கிறவங்க யாரு?" என்று தேடுகிறார்கள்.

சரி, நான் கேட்பது பெரிதல்ல. அனுமதி தருபவரின் பதவியையும், வாசலிலிருந்தே கூப்பிடத் தொலைபேசி எண்ணையும் அந்த அறிவிப்பில் சேர்க்கட்டும். துணைக்கு இருப்பவரை மருத்துவமனையே ரத்தத்துக்கோ மருந்துக்கோ வெளியே அனுப்பினால், அந்தச் சீட்டில் நர்ஸ் ஒரு கையெழுத்துப் போட்டு, அவர் திரும்பும்வரை இன்னொருவரை உள்ளே விடட்டும். இதைத் தாங்கள் அந்த நிர்வாகத்திடம் கேட்டு, வரும் பதிலையும் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்