குரல் நகலுக்குத் தனிக் கையெழுத்து

ஆசிரியருக்கு,

ஒருவர் குரலை மென்பொருளுக்குப் பழக்கி, அவர் பேசாததையும் அதே குரலில் பேசவைப்பதுதான் குரல் நகலெடுப்பு. அது என்றதும் குரல் திருட்டைத்தான் பேசுகிறோம். பாதிச் சிக்கல் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. டப்பிங் முடிந்து கிளம்பும் அவசரத்தில் நீட்டப்படும் தாளில், ‘இனி வரும் எல்லாத் தொழில்நுட்பங்களிலும் பயன்படுத்தலாம்’ என்று ஒரு வரி இருக்கும். யார் படிக்கிறார்கள்? அதைக் காட்டியே நகல் செய்துவிடலாம். சில நிமிடச் சுத்தமான பதிவு போதும். சம்பளமோ அன்றைய பதிவுக்கு மட்டும். அப்புறம் அந்த நகல் எத்தனை விளம்பரம் பேசினாலும் கலைஞருக்குக் காசு வராது. ‘பதிவை அழித்துவிட்டோம்’ என்பதும் சமாதானப் பேச்சுதான். அதில் பயிற்சி பெற்ற மென்பொருள் அப்படியே இருக்கும்.

2023இல் வேலைநிறுத்தம் செய்த ஹாலிவுட் நடிகர்கள், டிஜிட்டல் நகலுக்குச் சம்மதமும் ஊதியமும் வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினார்கள். இங்கே டப்பிங் கலைஞர்களுக்கும் பாடகர்களுக்கும் குரல் நகலுக்கென்றே கையெழுத்திடத் தனித் தாள் வேண்டும். எந்த வேலைக்கு, எவ்வளவு காலம், ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் எவ்வளவு என்று அதில் இருக்கட்டும்.

– ஒரு டப்பிங் கலைஞர்