மயிலைக்குக் காவி போதும்

அன்புள்ள குமாருக்கு,

அம்மா எழுதுவது. நீ அனுப்பிய பெட்டி வந்து சேர்ந்தது. ஸ்பிரே டப்பாக்களும் பித்தளைச் சலங்கையும் இருந்தன. ஒரு வரி எழுதிய தாள் இருக்குமோ என்று பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். இல்லை. சலங்கை மிக நேர்த்தியாக இருக்கிறது. என் பிள்ளை வாங்கியது என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டுகிறேன்.

ஆனால் மாட்டுப் பொங்கலுக்கு அந்த ஸ்பிரே நம் மயிலைக் காளையின் கொம்பில் ஏறாது. கோபித்துக் கொள்ளாதே. மேலத்தெருவில் ஒரு கன்று, போகிக்கென்று வெளியே எறிந்த பழைய பெயிண்ட் டப்பாவை நக்கியது. இரண்டே நாளில் பல்லை நறநறவென்று கடித்தது, கண் தெரியாமல் சுவரில் தலையை முட்டிக்கொண்டு நின்றது. மருத்துவர் வந்து, ஈயம் ஏறிவிட்டது என்றார். பிழைக்கவில்லை. வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது என்றும் அவர் சொன்னார். நீ அனுப்பிய டப்பாவில் வண்டிக்கு அடிப்பது என்று போட்டிருக்கிறது. அதில் ஈயமே இல்லை என்றாலும் அந்த நெடியும் தின்னரும் மாட்டின் கண்ணுக்கு ஆகாது. மாடு ஒன்றை ஒன்று நக்கும் என்பது உனக்குத் தெரியாதா?

காவிதான் பூசப் போகிறேன். முதல் நாள் இரவே ஒரு கை கருவேலம் பிசினை இரண்டு பங்கு தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் துணியில் வடிகட்டி, காவிப் பொடியைத் தோசை மாவுப் பதத்துக்குக் குழைக்க வேண்டும். கடையில் காவி என்று சாயப் பொடியையும் தருகிறார்கள். ஒரு சிட்டிகையை டம்ளர் தண்ணீரில் போட்டு இரவு முழுவதும் வைத்துப் பார். நல்ல காவி அடியில் படிந்து மேலே தண்ணீர் தெளிந்துவிடும். சாயமென்றால் காலையிலும் தண்ணீர் சிவப்பாகவே நிற்கும். போன வாரம் வாங்கியதை அப்படித்தான் கண்டுபிடித்துத் திருப்பிக் கொடுத்தேன்.

நுனிக்கு மஞ்சள் குழைத்து வைப்பேன். பக்கத்தில் சுண்ணாம்பு வளையம் போடக் கூடாது. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவந்து போகும், புதுச் சுண்ணாம்பு தோலையும் கண்ணையும் பொசுக்கும். வெள்ளை வேண்டுமென்றால் அரிசி மாவையே பிசின் நீரில் குழைத்துக் கொள்ளலாம். மஞ்சள் வெயிலில் சில நாளில் வெளுத்துவிடும், காவியும் மழையில் கரைந்துவிடும். அதனால் என்ன, அடுத்த தைக்கு மீண்டும் பூசினால் போகிறது.

கொம்பைக் கண்ணாடிச் சில்லால் சுரண்டாதே என்று உனக்கு எத்தனை முறை சொல்லியிருக்கிறேன். மேலே இருப்பது நகம் மாதிரி, உள்ளே இரத்தம் ஓடும் எலும்பு. அடியில் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்குமே, அதுவரை உயிர்தான். சீயக்காய் போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, நன்றாக உலர்ந்த பிறகு, அடியில் இரண்டு விரல் இடம் விட்டு மெல்லியதாக இரண்டு பூச்சு. கெட்டியாகப் பூசினால் வெடித்துக் கொட்டும். சுரண்டாதே. சொல்லிவிட்டேன்.

மாலைக்கு நெட்டியும் ஆவாரம்பூவும் மாவிலையும் போதும். போன வருடம் உன் சிநேகிதன் ஆசையாக அரளி மாலை கொண்டு வந்தான், கையோடு வாங்கிக் குழியில் புதைத்தேன். மாலையை மாடு தின்னும். ஒரு கைப்பிடி அரளி இலை வளர்ந்த மாட்டையே சாய்த்துவிடும். சலங்கையை நைலான் கயிற்றில் கோத்து அனுப்பியிருக்கிறாய், அதைப் பருத்திக் கயிற்றுக்கு மாற்றிவிட்டேன். கழுத்தில் ஒரு கை நுழையும் அளவு தளர விட்டுக் கட்டி, ஊர்வலம் முடிந்ததும் அவிழ்த்துவிட வேண்டும். இரவெல்லாம் கிடந்தால் தோல் உராய்ந்து புண்ணாகும்.

செவலை சினையாக இருக்கிறாள். மழையில் கொட்டகை ஓரம் கொஞ்சம் சரிந்தது, சரி செய்துவிட்டோம். அப்பாவின் வலது கை நடுங்குகிறது. உன்னிடம் சொல்லக் கூடாது என்றார், நான் எழுதிவிட்டேன். அவரால் தூரிகையைப் பிடிக்க முடியும், மயிலையின் தலையைப் பிடிக்க முடியாது. மயிலை வேறு ஆள் தொட்டால் கொம்பை வீசுகிறான். நீ கூப்பிட்டால் மட்டும் நிற்பான் என்பது உனக்கே தெரியும்.

தலையைப் பிடிக்க அடுத்த வீட்டுப் பையனைச் சொல்லி வைக்கவா, வேண்டாமா என்று போகிக்குள் ஒரு வரி எழுது. பிசின் எவ்வளவு ஊறப்போடுவது என்றும் நான் பார்க்க வேண்டும். இரண்டு பேர் பூசினால் கூடுதலாகத் தேவைப்படும்.

அம்மா